அகாடமிக்கா, ஜெனரலா? ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்குப் பதிவு செய்யும் முன் கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு தேர்வுகளுக்கும் என்னதான் வித்தியாசம்?

பலர் நினைப்பதைவிடக் குறைவு. கேட்டல், பேசுதல் ஆகிய இரண்டு பகுதிகளும் அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் இரண்டிலும் ஒன்றேதான். கட்டுரை எழுதும் இரண்டாம் பணியும் அமைப்பில் ஒன்றுதான்: 40 நிமிடம், குறைந்தது 250 சொல், எழுத்து மதிப்பெண்ணில் முதல் பணியைப் போல் இரு மடங்கு எடை.

மாறுபவை இரண்டு இடங்கள். எழுத்தின் முதல் பணியில் அகாடமிக் எழுதுபவர் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ செய்முறைப் படத்தையோ குறைந்தது 150 சொல்லில் விவரிக்கிறார். ஜெனரல் எழுதுபவர் அதே அளவில் ஒரு கடிதம் எழுதுகிறார். வாசிப்பில் அகாடமிக்குக்கு மூன்று நீண்ட பத்திகள் வரும். நூல்கள், ஆய்விதழ்கள், செய்தித்தாள்களின் நடையில் இருக்கும். ஜெனரலில் முதல் பிரிவில் அறிவிப்பு, விளம்பரம் போன்ற சிறிய துண்டுகள், இரண்டாவதில் வேலை தொடர்பான உரைகள், மூன்றாவதில் மட்டும் ஒரு நீண்ட பத்தி. இரண்டிலும் 40 கேள்விகள், 60 நிமிடம்.

ஆகவே இது திறமையை வைத்து எடுக்கும் முடிவு அல்ல. உங்கள் மதிப்பெண் தாள் யார் மேசைக்குப் போகப்போகிறதோ அவர் எதை ஏற்கிறார் என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஒரே ஆளின் தாள் பல மேசைகளுக்குப் போவதுண்டு. பல்கலைக்கழகம் ஒன்று, தொழில் பதிவுக் கழகம் ஒன்று, குடியேற்றத் துறை ஒன்று. சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

ஜெனரல் சுலபம் என்கிறார்களே, அதையே எழுதிவிடலாமா?

வாசிப்புப் பத்திகள் எளிதாக இருப்பது உண்மை. ஆனால் அந்த எளிமைக்குரிய விலையை மதிப்பெண் மாற்றத்தில் வசூலித்துவிடுகிறார்கள். அகாடமிக் வாசிப்பில் 40க்கு 30 சரியாக இருந்தால் பொதுவாக 7 பேண்ட் கிடைக்கும். ஜெனரலில் அதே 30க்குக் கிடைப்பது 6. அங்கே 7 வேண்டுமென்றால் 34 சரியாக இருக்க வேண்டும். வினாத்தாளுக்கு வினாத்தாள் ஓரிரு மதிப்பெண் நகரலாம், ஆனால் இடைவெளி இதுதான்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஜெனரலில் 7 வேண்டுபவர் மொத்தமாக ஆறு தவறுகள் செய்யலாம், அகாடமிக்கில் பத்து. எளிய பத்தியில் கவனக்குறைவாக ஒருமைக்குப் பன்மை எழுதுவதும், "இரண்டு சொற்களுக்கு மிகாமல்" என்ற அறிவுரையைப் படிக்காமல் மூன்று சொல் எழுதுவதும் இங்கே மிகவும் அடிக்கும். ஜெனரல் எழுதி எதிர்பார்த்ததைவிட அரை பேண்ட் குறைந்து வந்தவர்களின் பயிற்சித் தாள்களைப் பார்த்தால், கடினமான மூன்றாம் பத்தியில் போனதைவிட முதல் பிரிவில் அவசரத்தில் போனது அதிகமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கடிதமும் அப்படித்தான். வரைபடம் வேண்டாம் என்று நிம்மதியாக வருபவர்கள் கடிதத்தின் தொனியில் தடுமாறுகிறார்கள். வினாவில் மூன்று குறிப்புகள் தரப்பட்டிருக்கும். மூன்றையும் தொட வேண்டும். நண்பருக்கு எழுதும் கடிதத்தில் அலுவலக நடை வந்தாலும், மேலாளருக்கு எழுதுவதில் நட்பு நடை வந்தாலும் மதிப்பெண் குறையும். தொனி கடைசி வரி வரை ஒரே சீராக இருக்கிறதா என்பதையும் தேர்வாளர் பார்ப்பார்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறேன். அகாடமிக் மட்டும் போதும்தானே?

பட்டம், முதுகலை, ஆராய்ச்சி என்றால் சேர்க்கைக்கு அகாடமிக்தான். அதில் குழப்பம் வேண்டாம்.

குழப்பம் இருப்பது "போதும்" என்ற சொல்லில்தான். படித்து முடித்துத் திரும்பிவிடுவீர்கள் என்றால் போதும். அங்கேயே வேலை செய்யவோ குடியேறவோ நினைத்தால், எந்த நாடு என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் திறன் அடிப்படையிலான விசாக்களுக்கு அகாடமிக்கையும் ஏற்பார்கள், ஜெனரலையும் ஏற்பார்கள். நியூசிலாந்தின் திறன் குடியேற்றத்திலும் அப்படியே. கனடா மட்டும் வேறு. விண்ணப்பதாரர்களைப் புள்ளி வரிசைப்படி அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை வழியாக நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போது ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் ஜெனரல் மட்டுமே செல்லும். அகாடமிக்கில் நான்கிலும் 9 வாங்கியிருந்தாலும் அந்தப் படிவத்தில் அதற்கு இடமில்லை.

கனடாவில் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு, பிறகு அங்கேயே இருக்க ஆசை. எந்தத் தேர்வை எப்போது எழுதுவது?

இந்தக் கேள்விக்குத்தான் மிகுந்த கவனம் தேவை. ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

செப்டம்பர் 2026இல் வகுப்பு தொடங்குகிறது, ஏப்ரல் 2028இல் படிப்பு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைக்காக மார்ச் 2026இல் அகாடமிக் எழுதுகிறீர்கள். அந்தத் தாளின் வேலை கல்லூரி வாசலோடு முடிகிறது.

அடுத்து வருவது படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி. 2024 நவம்பர் 1 முதல் இதற்கு விண்ணப்பிப்பவர்கள் மொழித்திறனையும் நிரூபிக்க வேண்டும் என்ற விதி வந்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களுக்குக் கனடாவின் மொழி அளவுகோலில் 7, கல்லூரிப் படிப்பு முடித்தவர்களுக்கு 5. இந்த அளவுகோலைத்தான் சி.எல்.பி. என்பார்கள். சி.எல்.பி. 7 என்பது ஜெனரல் தேர்வில் நான்கு பகுதியிலும் 6 பேண்ட். 5 என்பது கேட்டல், எழுதுதல், பேசுதலில் 5 பேண்ட், வாசிப்பில் 4 பேண்ட். இங்கும் அகாடமிக் தாள் செல்லாது. ஜெனரல் வேண்டும், அல்லது செல்பிப் ஜெனரல், பி.டி.இ. கோர் போன்ற வேறு அங்கீகரிக்கப்பட்ட தேர்வு வேண்டும். அகாடமிக் எழுதி வந்துவிட்டோமே என்று இருந்துவிட்டுப் படிப்பு முடிந்த பிறகு இந்த விதியை அறிந்து ஓடுபவர்கள் இருக்கிறார்கள். படிப்பு முடிந்த அறிவிப்பு வந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும் என்பதால் அந்த ஓட்டம் பதற்றமானது.

"அப்படியானால் 2026இலேயே இரண்டையும் எழுதிவிடுகிறேன்" என்று தோன்றும். அது வீண் செலவு. தேர்வு முடிவு இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். மார்ச் 2026இல் எழுதிய ஜெனரல், படிப்பு முடிவதற்கு முன்பே, மார்ச் 2028இல் காலாவதியாகிவிடும்.

கடைசிப் பருவத்தில், மார்ச் 2028இல் ஜெனரல் எழுதினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஏப்ரலில் படிப்பு முடிகிறது. புதிய முடிவோடு வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கிறீர்கள். ஜூன் 2028இல் வேலையில் சேர்ந்தால் ஜூன் 2029இல் ஓராண்டு கனடிய அனுபவம் நிறைகிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கனடிய அனுபவப் பிரிவுக்கு அந்த ஓராண்டு வேண்டும். உங்கள் ஜெனரல் முடிவு மார்ச் 2030 வரை செல்லும். பட்டியலில் பெயர் பதிய, அழைப்புக்குக் காத்திருக்க, நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்தை முழுமையாக அனுப்ப ஒன்பது மாதம் கையில் இருக்கிறது. ஒரே தேர்வு இரண்டு காரியத்துக்கும் பயன்பட்டுவிடுகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெயர் பதியும் நாளில் முடிவு உயிரோடு இருந்தால் மட்டும் போதாது. அழைப்பு வந்த பிறகு விண்ணப்பத்தை அனுப்பும் நாளிலும் இருக்க வேண்டும். அழைப்பு தாமதமானால், காலாவதித் தேதிக்கு நான்கு மாதம் முன்பே மறுதேர்வுக்கு இடம் பிடித்துவிடுவது நல்லது.

கனடாவுக்கு வாசிப்பில் 6.5 வந்தால் பெரிய நஷ்டமா?

எண்களைக் கேட்டால் நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள். கனடா கணக்கில் வாசிப்பு 6.5 என்றால் சி.எல்.பி. 8. வாசிப்பு 7 என்றால் 9. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் துணையின்றித் தனியாக விண்ணப்பிப்பவருக்கு ஒவ்வொரு பகுதியிலும் 8க்கு 23 புள்ளி, 9க்கு 31 புள்ளி. இங்கே போவது 8 புள்ளி.

ஆனால் பெரிய இழப்பு இன்னொரு அறையில் இருக்கிறது. கல்வியையும் மொழியையும் சேர்த்துத் தரும் கூடுதல் புள்ளிகளில், முதுகலை பட்டம் பெற்றவருக்கு நான்கு பகுதியும் 9 இருந்தால் 50. ஒன்று குறைந்து 8 ஆனாலும் 25தான். ஆக, மற்ற மூன்றிலும் 9 வைத்திருக்கும் ஒருவர் வாசிப்பில் அரை பேண்ட் குறைந்ததால் 33 புள்ளி இழக்கிறார். மூன்று ஆண்டு வெளிநாட்டு வேலை அனுபவமும் இருந்தால் இதே முறையில் இன்னும் 25 போகும்.

33 கேள்வி சரி என்றால் ஜெனரலில் 6.5, 34 என்றால் 7. இந்தப் புள்ளிகள் எல்லாம் தொங்குவது சில வேளை ஒரே ஒரு கேள்வியில்தான். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: கேட்டலில் சி.எல்.பி. 9க்கு 8 பேண்ட் வேண்டும், 7 போதாது. "எல்லாவற்றிலும் 7" என்று குறி வைத்துப் பயிற்சி செய்பவர்கள் சறுக்கும் இடம் இது. 8, 7, 7, 7 என்று கேட்டல் முதலில் வருமாறு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

நான் செவிலியர். படிக்கப் போகவில்லை, வேலைக்குத்தான் போகிறேன். ஜெனரல்தானே?

இல்லை. பெயரைப் பார்த்துப் பலரும் செய்யும் பிழை இது. படிப்புக்கு அகாடமிக், வேலைக்கு ஜெனரல் என்ற வாய்மொழி விதி, உரிமம் தேவைப்படும் தொழில்களில் உடைந்துவிடுகிறது. பிரிட்டனின் செவிலியர் கழகம் அகாடமிக்கை மட்டுமே ஏற்கிறது: வாசிப்பு, கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5. மருத்துவர்களைப் பதிவு செய்யும் பொது மருத்துவக் கழகமும் அகாடமிக்தான் கேட்கிறது. ஒவ்வொன்றிலும் 7, மொத்தத்தில் 7.5. ஆஸ்திரேலியாவில் செவிலியர், மருத்துவர் பதிவுக்கும் அகாடமிக்.

பிரிட்டன் செல்லும் செவிலியருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. தொழில் கழகம் உங்கள் ஆங்கிலத்தை ஏற்றுப் பதிவு செய்துவிட்டால், திறன் தொழிலாளர் விசாவுக்காக இன்னொரு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியதில்லை. ஒரு தாள் இரண்டு மேசைக்கும் போதும்.

அதே செவிலியர் பிறகு கனடா பக்கம் திரும்பினால்? குடியேற்றத்துக்கு மீண்டும் ஜெனரல் எழுத வேண்டும். அவர் மொழித்திறன் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் புதிய மேசை புதிய தாள் கேட்கிறது.

யு.கே.வி.ஐ. என்று ஒன்று தனியாக இருக்கிறதே, அது மூன்றாவது வகையா?

இல்லை. யு.கே.வி.ஐ. என்பது பிரிட்டனின் விசா, குடியேற்றப் பிரிவு. அதற்கான தேர்விலும் கேள்விகளும் மதிப்பிடும் முறையும் அதேதான். அகாடமிக், ஜெனரல் இரண்டிலும் யு.கே.வி.ஐ. பதிப்பு உண்டு. பிரிட்டன் உள்துறை அங்கீகரித்த மையத்தில், கூடுதல் அடையாளச் சோதனையோடு நடத்துகிறார்கள். மதிப்பெண் தாளிலும் அது குறிக்கப்பட்டிருக்கும்.

பிரிட்டனில் பட்டப்படிப்பு என்றால், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மாணவரின் ஆங்கிலத்தைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ள உரிமை பெற்றவை. சாதாரண அகாடமிக்கை ஏற்கும் பல்கலைக்கழகத்துக்கு அதுவே போதும். பட்டத்துக்குக் கீழான படிப்பு என்றால் யு.கே.வி.ஐ. பதிப்பு கேட்பார்கள். தொழில் கழகம் எதுவும் இல்லாத வேலைக்குத் திறன் தொழிலாளர் விசா எடுப்பவருக்கும், பிற வழியில் ஆங்கிலத் திறனைக் காட்ட முடியாவிட்டால், யு.கே.வி.ஐ. வேண்டும். அங்கே அகாடமிக், ஜெனரல் இரண்டில் எதை எழுதினாலும் சரி. பட்டப்படிப்பையும் பிறகு வேலை விசாவையும் ஒரே தாளில் முடிக்க நினைப்பவர் யு.கே.வி.ஐ. அகாடமிக் எழுதினால் கதவு எதுவும் அடைபடாது. இரண்டாண்டுக் கெடுவை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா இரண்டையும் ஏற்கிறது என்றால் அங்கே கவலையே வேண்டாமா?

விசா வரை கவலையில்லை. விசாவுக்கு முன்னால் திறன் மதிப்பீடு என்று ஒரு படி இருக்கிறது. அங்கே ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தனி அமைப்பு. பொறியாளர்களை மதிப்பிடும் அமைப்பு இரண்டில் எதையும் ஏற்று ஒவ்வொன்றிலும் 6 கேட்கிறது. ஆசிரியர்களை மதிப்பிடும் அமைப்பு அகாடமிக் மட்டுமே கேட்கிறது. அதிலும் வாசிப்பு, எழுத்தில் 7, கேட்டல், பேச்சில் 8.

ஆகவே ஆஸ்திரேலியா செல்ல நினைக்கும் ஆசிரியர் ஜெனரல் எழுதினால், விசாத் துறை ஏற்கும் தாள் கையில் இருந்தும் முதல் படியிலேயே நின்றுவிடுவார். அகாடமிக் எழுதினால் இரண்டும் முடியும். தொழில் எதுவானாலும், தெளிவில்லாதவர்களுக்கு ஆஸ்திரேலியா விஷயத்தில் என் பரிந்துரை அகாடமிக்தான். வாசிப்பில் பத்து தவறு வரை 7 கிடைக்கும் என்பதும் அதற்குச் சாதகம்.

அகாடமிக்குக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஜெனரலுக்கு மாற வேண்டும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். கேட்டல், பேசுதல், கட்டுரைக்குச் செய்த பயிற்சி அப்படியே உதவும். கட்டுரைத் தலைப்புகள் ஜெனரலில் கொஞ்சம் அன்றாட வாழ்க்கை சார்ந்து இருக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டு பழக்கங்களை மட்டும் மாற்றுங்கள். வரைபடத்தில் சொந்தக் கருத்து சொல்லக் கூடாது, ஒட்டுமொத்தப் போக்கை ஓரிரு வரியில் சொல்லியே ஆக வேண்டும் என்று பழகியிருப்பீர்கள். கடிதத்தில் நீங்கள் ஒரு ஆள். உங்களுக்கு ஒரு தேவை இருக்கிறது. ஏன் எழுதுகிறீர்கள் என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிட வேண்டும், சிறு விவரங்களைக் கற்பித்துச் சேர்க்கவும் வேண்டும். வாசிப்பில், அகாடமிக்கில் ஒவ்வொரு பத்திக்கும் இருபது நிமிடம் என்று பிரித்திருப்பீர்கள். ஜெனரலில் முதல் இரண்டு பிரிவையும் முப்பத்தைந்து நிமிடத்துக்குள் முடித்து, மூன்றாவதுக்கு இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். விடைகளை மாற்றி எழுதத் தனி நேரம் தரமாட்டார்கள்.

ஒரே ஒரு பகுதியில்தான் மதிப்பெண் குறைந்தது. அதை மட்டும் திரும்ப எழுதலாமா?

கணினி வழித் தேர்வு எழுதியவர்களுக்கு, தேர்வு நாளிலிருந்து 60 நாட்களுக்குள் ஒரு பகுதியை மட்டும் ஒரு முறை மறுபடி எழுதும் வசதி பல இடங்களில் இருக்கிறது. முதலில் எழுதிய அதே வகையில்தான் எழுத முடியும்; அகாடமிக் வாசிப்பை ஜெனரல் வாசிப்பால் மாற்ற முடியாது. ஆஸ்திரேலியக் குடியேற்றத் துறை அந்த முடிவை ஏற்கிறது. கனடா ஏற்பதில்லை. கனடாவுக்காக எழுதுபவர் வாசிப்பில் 6.5 வாங்கினால், நான்கு பகுதியையும் மீண்டும் எழுதத்தான் வேண்டும்.

தவறான வகைக்குப் பதிவு செய்துவிட்டேன் போலிருக்கிறது. என்ன செய்வது?

முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பதிவு உறுதி மின்னஞ்சலில் வகையின் பெயர் இருக்கும்; மதிப்பெண் தாளில் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

தேர்வுக்கு இன்னும் நாள் இருந்தால் இன்றே பதிவு செய்த மையத்தைத் தொடர்புகொள்ளுங்கள். மாற்றத்துக்குக் கெடு உண்டு, கட்டணமும் இருக்கலாம், நாள் நெருங்க நெருங்க வாய்ப்பு குறையும். தேர்வு அறையில் வினாத்தாளைப் பார்த்த பிறகு மாற்ற முடியாது. எழுதி முடித்த ஒன்றை இன்னொரு வகையாக மாற்றித் தரும் முறையும் கிடையாது. கேட்டலும் பேசுதலும் ஒன்றே என்றாலும் அந்த இரண்டு மதிப்பெண்ணை மட்டும் பிரித்து எடுத்துச் செல்ல முடியாது.

தாள் கைக்கு வந்துவிட்டது என்றால் உடனே மறுதேர்வுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தத் தாள் போகவிருக்கும் அமைப்பின் சொந்த இணையப் பக்கத்தில், மொழித் தேவை என்ற பகுதியைத் திறந்து, வகையின் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முகவர் சொன்னது, நண்பர் எழுதியது, போன வருடம் யாருக்கோ நடந்தது எதுவும் இதற்கு ஈடாகாது. இரண்டில் எதுவும் போதும் என்று அங்கே இருந்தால் நீங்கள் தவறே செய்யவில்லை. ஒன்றின் பெயர் மட்டும் இருந்து அது உங்களுடையது அல்ல என்றால், சரியான வகைக்கு அடுத்த தேதியைப் பதிவு செய்யுங்கள். விண்ணப்பக் கெடுவுக்கும் தேர்வு நாளுக்கும் நடுவில், முடிவு வருவதற்கும் இன்னொரு முயற்சிக்கும் இடம் இருக்கும்படி தேதியைத் தேர்ந்தெடுங்கள்.